கலைச்சொல்: மடிக்கணினி உறங்கும்போது போனுக்குச் சார்ஜ் கொடுக்கும் யூஎஸ்பி துறை

நாகர்கோவில்:

அமைப்புப் பக்கம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மடிக்கணினியை உறங்கவிட்டாலும் முழுதாக அணைத்தாலும் அதன் யூஎஸ்பி துறை போனுக்குச் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும் வசதி அது. ஒரு நிறுவனத்தின் பயாஸில் `Always On USB` என்றும், இன்னொன்றில் `USB PowerShare` என்றும் இருக்கும். "உறக்க மின்னூட்டம்" என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

குளச்சல்:

அக்கா, நல்ல விஷயம் எடுத்தீங்க. நான் ராத்திரி படுக்கும்போது போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில்தான் எடுப்பேன். பேட்டரி கெட்டுப்போகும் என்கிறார்கள். உறக்க மின்னூட்டம் நல்லதா, கெட்டதா?

நாகர்கோவில்:

தம்பி, நான் கேட்டது மனுஷர் உறக்கம் இல்லை, கணினியின் உறக்கம். ஆனால் நீங்கள் புரிந்துகொண்ட விதமே அந்தச் சொல்லின் குறையைக் காட்டிவிட்டது. யார் உறங்குகிறார்கள் என்பது அதில் இல்லை. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மார்த்தாண்டம்:

மின்னூட்டம் என்பதும் சரிப்படாது. நம் பள்ளிப் பாடநூலில் கூலும் அலகில் அளக்கும் அளவுதான் மின்னூட்டம். பேட்டரியை நிரப்பும் செயலுக்கு மின்னேற்றம் என்று வைக்கலாம். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் மின்னேற்றமே அந்த அளவின் பெயர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, இதற்குத் தனிப்பெயர் எதற்கு? உறங்கும் கணினியின் துறையிலும் 5 வோல்ட் இருக்கத்தான் செய்கிறது. விசைப்பலகையைத் தட்டினால் கணினி விழிக்கிறதே, அந்த மின்சாரத்தில்தான். போனைச் செருகினால் அதே 500 மில்லி ஆம்பியர் போகும்.

தக்கலை:

சார் சொன்னதில் முதல் பாதி சரி. பல கணினிகளில் உறக்கத்திலும் 5 வோல்ட் நிற்கும். ஆனால் 500 மில்லி ஆம்பியர் அப்படியே போகும் என்பது சரியில்லை.

யூஎஸ்பி 2 விதிப்படி, செருகியதும் போன் 100 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். கணினியோடு பேசி அனுமதி வாங்கியபிறகே 500. கணினி உறங்கியதும் அந்தப் பேச்சு நின்றுவிடும். அப்போது போன் 2.5 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. விதியை மதிக்காமல் இழுக்கும் போன்களும் உண்டு, மதித்துச் சும்மா இருக்கும் போன்களும் உண்டு. அதனால்தான் ஒரே துறையில் ஒருவர் போன் ஏறுகிறது, இன்னொருவர் போன் ஏறுவதில்லை.

நாம் பெயர் தேடும் துறை வேறு. அதன் பின்னால் ஒரு சிறு சில்லு இருக்கும். கணினி உறங்கியதும் அது இரண்டு தரவுக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். அப்படி இணைந்திருந்தால் எதிரே இருப்பது சுவரில் செருகும் சார்ஜர் என்று போன் எடுத்துக்கொள்ளும். யாரிடமும் அனுமதி கேட்காமல் 1.5 ஆம்பியர் வரை இழுக்கும். ஆக, துறையில் மின்சாரம் நிற்பது ஒன்று, துறை தன்னைச் சார்ஜராகக் காட்டிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் பெயர் வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. போனைச் செருகிவிட்டுக் கணினியை உறங்கவிடுங்கள். சார்ஜ் ஒரு நொடி அறுந்து, மறுபடி பிடித்து, போன் மீண்டும் ஓசை கொடுத்தால் துறை வேஷம் மாற்றிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் யூஎஸ்பி மீட்டர் ஒன்றைச் செருகினால் ஆம்பியரே தெரிந்துவிடும். மீட்டரில் 1 ஆம்பியருக்குக் கீழே நின்றால் துறையைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். மெல்லிய கம்பி போட்ட ஒரு மீட்டர் கேபிள் 1.5 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். வோல்ட் இறங்குவதைப் பார்த்துப் போன் தானே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

குளச்சல்:

அப்போ என் கணினியில் அந்த அமைப்பு `Enabled` என்றுதான் இருக்கிறது. மஞ்சள் நிறத் துறை. கரண்டு இருக்கும்போது, கணினியை அணைத்து வைத்தாலும் போன் ஏறுது. கரண்டு போனால் உடனே நின்றுபோகுது. அடாப்டர் கோளாறா?

தக்கலை:

கோளாறு இல்லை தம்பி. மஞ்சள் துறை என்றால் உங்களுடையது திங்க்பேட் வகையாக இருக்கலாம். தொடங்கும்போது F1 அழுத்தி, `Config`, பிறகு `USB` போங்கள். `Always On USB` என்பதற்குக் கீழே `Charge in Battery Mode` என்று ஒன்று இருக்கும். கணினி அணைந்திருந்து அடாப்டரும் இல்லாதபோது துறை வேலை செய்ய வேண்டுமானால் அதையும் `Enabled` ஆக்க வேண்டும்.

ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். 5000 மில்லி ஆம்பியர் மணி போன் பேட்டரியில் சுமார் 19 வாட் மணி அடங்கும். வழியில் வீணாவதையும் சேர்த்தால், கணினி கொடுக்க வேண்டியது 24 வாட் மணி அளவு. கணினியின் பேட்டரி 45 வாட் மணி என்றால் ஒரு போனை நிரப்பவே பாதிக்கு மேல் போய்விடும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் கரண்டு வர எத்தனை நாள் ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் கணினியை ஒரு பெரிய பவர் பேங்காக எண்ணி, எந்தப் போனுக்கு எவ்வளவு என்று பங்கிட வேண்டும். பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் துறையைத் தானே நிறுத்தும் ஏற்பாடும் சில கணினிகளில் உண்டு.

நாகர்கோவில்:

அப்படியானால் "எப்போதும்" என்று தொடங்கும் எந்தச் சொல்லும் பொய்யாகிவிடும், அண்ணன். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் பெயர் செயலுக்கு அல்ல, துறைக்கே வர வேண்டும். "உறங்காத் துறை" எப்படி? கணினி உறங்கும், துறை உறங்காது. யார் உறங்குகிறார் என்ற குழப்பமும் தீரும்.

மார்த்தாண்டம்:

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், த் மிகுவது சரி. 500 பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் அணைத்த நிலையும் இதில் சேருமே. அணைவது உறக்கம் இல்லை. "ஓயாத் துறை" என்றால் இரண்டையும் தாங்கும்.

குளச்சல்:

எங்க ஊரில் துறை என்றால் வள்ளம் கரையேறும் இடம். ஓயாத் துறை என்று கேட்டால் ராப்பகலாக மீன் இறங்கும் இடம் என்றுதான் நினைப்போம். உறங்காத் துறையும் அப்படித்தான். கணினியில் எல்லோரும் போர்ட் என்றுதானே சொல்கிறோம்?

தக்கலை:

வள்ளம் அடையும் இடத்தைத் துறை என்பதுபோலக் கேபிள் அடையும் இடமும் துறைதான் தம்பி. கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொல். என் ஓட்டு "உறங்காத் துறை"க்கு. ஓயாத் துறை என்றால் பேட்டரி குறையும்போது நிற்பதை மறைக்கிறது. உறங்காத துறை களைத்து நிற்கலாம், ஓயாத துறை நிற்கக் கூடாது.

ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு முடிவு செய்வோம். புதிய கணினிகள் பலவற்றில் பழைய ஆழ்ந்த உறக்கமே இல்லை, லேசான உறக்கம்தான். லினக்ஸில் இப்படிப் பார்க்கலாம்:

```
cat /sys/power/mem_sleep
```

அடைப்புக்குள் `[s2idle]` என்று வந்தால் லேசான உறக்கம், `[deep]` என்றால் ஆழ்ந்தது. விண்டோஸில் `powercfg /a` கொடுங்கள். லேசான உறக்கத்தில் துறை சார்ஜர் வேஷம் போடுகிறதா, கணினியோடு பேசும் பழைய நிலையிலேயே நிற்கிறதா என்று மீட்டர் வைத்திருப்பவர்கள் பார்த்து, கணினியின் வகையோடு எழுதுங்கள். பழைய நிலையிலேயே நிற்கிறது என்றால், அதையும் இதே பெயரால் அழைக்க முடியாது.

நாகர்கோவில்:

அதுவரை அமைப்புப் பக்கத்தில் பெயரே போடாமல் "கணினி உறங்கினாலும் அணைந்தாலும் இந்தத் துறையில் சார்ஜ் கொடு" என்று எழுதிவைக்கிறேன். அதன் கீழே "அடாப்டர் இல்லாதபோதும்" என்று தனித் தேர்வு. அளவுகளை எதிர்பார்க்கிறேன்.