ஹெட்செட் மாட்டினால் பதினொன்றரை வரை ஆளே இல்லை

மழைத்துளி: வேலை முடிந்து வந்ததும் கணவர் கேமில் உட்கார்ந்துவிடுகிறார். கூப்பிட்டால் "இதோ அஞ்சு நிமிஷம்" என்பார், ஒரு மணி நேரம் ஓடிவிடும். சண்டை போட்டால் இன்னும் அதிகமாக விளையாடுகிறார். என்னதான் செய்வது?

கரிசல்: எட்டு மணிக்கு வைஃபையை அணையுங்கள். இது அடிமைத்தனம், வேறொன்றுமில்லை.

இரவாடி: அணைத்தால் மறுநாள் மொபைல் டேட்டாவில் ஆடுவார். நானும் ஆடுகிறவன்தான். டீம் மேட்ச்சைப் பாதியில் நிறுத்த முடியாது. விட்டு வந்தால் கூட ஆடும் நாலு பேர் தோற்பார்கள், எனக்கும் தண்டனை விழும். ஒரு மேட்ச் 25 நிமிடத்திலும் முடியும், 40-ம் ஆகும். அந்த "அஞ்சு நிமிஷம்" பொய் இல்லை, எப்போது முடியும் என்று எங்களுக்கே தெரியாது. அடுத்த மேட்ச் தொடங்கும் முன் கேளுங்கள்.

பூவரசு: என் மகனும் இப்படித்தான், பதினாலு வயது. போனை வாங்கி வைத்த பிறகுதான் அடங்கினான்.

மழைத்துளி: இவர் என் கணவர் அக்கா, மகன் இல்லை. பிடுங்கி வைக்க முடியுமா?

தென்றல்: தம்பதிகளோடு பல வருடம் பேசி வருகிறேன். இரவாடி சொன்னது முக்கியம். ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவார், அவர் ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் துரத்துவார். உங்கள் சண்டை கேமைக் கூட்டுவது அதனால்தான். என்னிடம் வந்த ஒரு பெண் காலையில், ஹெட்செட் இல்லாத நேரத்தில் பேச்சை எடுத்தார். "நீங்க எப்பவுமே" என்று தொடங்காமல், "ராத்திரி உங்களோட பேசாம எனக்குத் தூக்கம் வரலை" என்றார். எட்டு முதல் எட்டே முக்கால் வரை இருவர் போனும் வேறு அறையில் இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் கேம் என்று முடிவானது. எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று அவர்கள் பேசவில்லை. பத்தே காலுக்குப் பிறகு புது மேட்ச் தொடங்கக் கூடாது என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். முதல் வாரமே இரண்டு நாள் தவறியது, ஆனாலும் கைவிடவில்லை.

கரிசல்: தவிப்பதும் இவர், பக்குவமாகப் பேசுவதும் இவரா? அவருக்குப் பொறுப்பே இல்லையா?

தென்றல்: நியாயமான கேள்வி. பத்தே காலுக்கு அலாரம் வைப்பது அவர் வேலை. நினைவூட்டுவதும் இவர் தலையில் விழுந்தால் மறுபடி காவல்காரிதான். அடிமைத்தனம் என்ற சொல்லை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு கைவிட்டுப் போய், வேலையும் உறவும் கெட்ட பிறகும் ஆட்டம் தொடர வேண்டும், அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது. அந்த அளவுக்குப் போயிருந்தால் நேர ஒப்பந்தம் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கரிசல்: அதற்காகப் பன்னிரண்டு மாதம் இவர் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டுமா? அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

மழைத்துளி: இன்று காலை பேசினேன். முதல் தடவையாக "எனக்கு ஆபீஸ்ல இருந்து வந்ததும் பேசவே தெம்பில்லை" என்றார். எட்டு மணி வேண்டாம், எட்டரை என்கிறார். அலாரத்தை அவரே வைத்திருக்கிறார்.