கென்டே நெசவாளர் படத்துக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காகத் துணி பற்றி ஒரு சிறு படப்புத்தகம் செய்கிறேன். படங்களை ஏஐயில் எடுக்கிறேன்.

முதலில் 'சுங்குடி கட்டும் தமிழ்ப் பெண்' என்று மட்டும் கொடுத்தேன். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, பின்னால் கோபுரம் என்று வந்தது. வேலை நேரத்தில் யார் அப்படி உட்காருவார்கள்? 'ஐம்பது வயது, வெளுத்த பருத்திச் சேலை, வீட்டுத் திண்ணை, துணியை நுனிவிரலால் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுகிறார்' என்று மாற்றியதும் நம் பக்கத்து வீட்டு அக்கா மாதிரியே வந்தது.

அடுத்தது கானா நாட்டின் கென்டே நெசவாளர். கென்டே என்பது குறுகிய துண்டுகளாக நெய்து, பிறகு சேர்த்துத் தைக்கும் பல நிறத் துணி. 'ஆப்பிரிக்க நெசவாளர்' என்றால் புல் குடிசையும் பாசிமணியும்தான் வருகின்றன. அதனால் ஊரையே சொன்னேன்: 'போன்வைர், தகரக் கூரைக் கொட்டகை, சட்டை, கால்சட்டை, நான்கு அங்குல அகலத் துண்டு நெய்கிறார்.' கொட்டகை சரியாக வந்தது. ஆனால் விசேஷத்துக்குப் போர்த்தும் கென்டேயை அவர் மேலேயே போர்த்திவிடுகிறது. தறிக் கயிற்றைக் கால்விரல் இடுக்கில் பிடித்து மிதிப்பதும் வரவில்லை.

'கென்டே' என்ற சொல்லை எடுத்துவிட்டுத் துண்டின் நிறங்களை மட்டும் எழுதலாமா? கானாவில் இருந்தவர்கள் யாராவது படத்தைப் பார்த்துத் தப்பு சொல்வீர்களா? அப்புறம்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.