[சொல்லாக்கம்] முன் இருக்கைக் காற்றுப்பை "ஆஃப்" விளக்கு: திங்கள் காலைக்குள் ஒரு சொல் வேண்டும்

மலர்:

அனைவருக்கும் வணக்கம். ஒரு காரின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரே ஒரு விளக்கில் மாட்டிக்கொண்டேன்.

டாஷ்போர்டின் நடுவில் PASSENGER AIR BAG OFF என்று எழுதிய மஞ்சள் விளக்கு. கைக்குழந்தையின் இருக்கையை முன்பக்கம் பொருத்தினால் க்ளவ் பாக்ஸுக்குள் இருக்கும் துளையில் சாவியைத் திருகி, அந்தப் பக்கத்துக் காற்றுப்பையை ஆஃப் செய்ய வேண்டும். செய்தால் இந்த விளக்கு எரியும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது எரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது கையேடு.

"காற்றுப்பை அணைப்பு விளக்கு" என்று போட்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பை குழந்தையை அணைச்சுக்குமா, நல்லதுதானே" என்றார். அப்போதே அடித்துவிட்டேன். "இண்டிகேட்டர்" என்றும் போட முடியாது, நம் ஊரில் அது வண்டி திரும்புவதற்குப் போடுவது. உதவுங்கள்.

புலவர்:

மலர், உங்கள் அம்மா பிழையாகப் படிக்கவில்லை. அணைத்தல் என்றால் தழுவுதல். விளக்கை அணைப்பதும் அதே சொல்தான். நீரைத் தடுப்பது அணை. தலையணை, பஞ்சணை என்று மெத்தென்றிருப்பதும் அணைதான். இதிலேயே விடை இருக்கிறது! காற்றுப்பை என்று ஏன் சொல்ல வேண்டும்? பஞ்சணை போலக் காற்றணை. ஆஃப் என்பதற்கு "அவிவு". விளக்கை அவித்தல் பழைய வழக்கு. ஆகவே "காற்றணை அவிவு விளக்கு". இன்னொன்று, பெரியவர்கள் விளக்கை அணைத்தேன் என்று வாயால் சொல்லமாட்டார்கள். மலையேற்றினேன், குளிர வைத்தேன் என்பார்கள். அந்த நாகரிகமும் போய்விட்டது.

நிர்மலா:

ஐயா, அவிவு என்று என் ஒன்பதாம் வகுப்பில் சொன்னால் இட்லியா என்று கேட்பார்கள். காற்றணை என்றால் மேட்டூரில் காற்றுக்குக் கட்டிய அணை என்பார்கள். காற்றுப்பை ஊரில் நிலைத்துவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம். "காற்றுப்பை செயலிழப்பு விளக்கு" என்று வைக்கலாமே? குழந்தை இருக்கை என்று வந்தாலே பையைச் செயலிழக்க வைக்க வேண்டும், அவ்வளவுதானே.

துரை:

கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். இலக்கணம் எனக்கு அரைகுறை, விளக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"செயலிழப்பு" வேண்டவே வேண்டாம் அக்கா. காற்றுப்பையில் பழுது வந்தால் எரிய மீட்டர் பக்கம் வேறு ஒரு விளக்கு இருக்கிறது, வட்டத்துக்கு எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும் படம். அது எரிந்தால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும். மலர் கேட்பது நாமே வேண்டுமென்று நிறுத்தியதைக் காட்டும் விளக்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கைக்குழந்தை வைத்திருப்பவர் பயந்து சாவியைத் திரும்ப ஆன் பக்கம் திருகிவிடுவார்.

குழந்தை இருக்கை என்றாலே ஆஃப் என்பதும் பாதிதான் சரி. குழந்தையின் முதுகு வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கும் இருக்கைதான் ஆபத்து. அதன் ஓட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் ஒரு சாண் இடைவெளி கூட இருக்காது. பை கண் இமைப்பதற்குள் வெடித்து வந்து அந்த ஓட்டின் முதுகில் அடிக்கும், ஓட்டுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் தலை. அதற்குக் கட்டாயம் ஆஃப். பெரிய குழந்தை முன்னால் பார்த்து உட்காரும் இருக்கைக்குப் பல கையேடுகள் பையை ஆனில் விட்டு, சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளச் சொல்லும். வண்டிக்கு வண்டி மாறும். சாவித்துளையே இல்லாத வண்டி நம் ஊரில் நிறைய. அதில் கைக்குழந்தைக்குப் பின்சீட்டுதான்.

மலர், "பின்நோக்கிய இருக்கை" என்று எங்காவது எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். பின்சீட்டு என்று படித்துவிடுவார்கள்.

சிவா, ஸ்கார்பரோ:

எங்கட பக்கம் லைட்டை நூர்க்கிறது என்பம், அதையும் பட்டியலில் போடுங்கோ. எனக்கொரு சிக்கல் அண்ணை. என்ர காரில் சாவி ஒன்றும் இல்லை, தானாக ஆஃப் ஆகும். அம்மா முன்னுக்கு இருந்தாலும் அந்த லைட் எரியுது. அம்மாவைக் குழந்தை எண்டு நினைக்குதோ?

துரை:

தம்பி, கிட்டத்தட்ட அப்படித்தான். உங்களுடையது சீட்டுக்கு அடியில் எடையைப் பார்க்கும் வகை. அம்மா ஒல்லியானவராக இருந்து, மெத்தை ஒன்றைப் போட்டு ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் முழு எடையும் அதற்குத் தெரியாது. மெத்தையை எடுத்துவிட்டு, முதுகை ஒட்டி நேராக உட்காரச் சொல்லி, வண்டியை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள். பின்னால் இருப்பவர் முழங்காலால் சீட்டை முட்டுகிறாரா என்றும் பாருங்கள். அப்போதும் எரிந்தால் பட்டறையில் காட்டுங்கள், அதுவரை அம்மா பின்னால் உட்காரட்டும்.

மலர்:

துரை அண்ணா, ஒரு சந்தேகம். "ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும்". இந்த வரி இப்படியே போதுமா?

துரை:

போதாது. எப்போது பார்ப்பது என்பதுதான் விஷயமே.

இக்னிஷனை ஆன் செய்ததும் பல வண்டிகளில் விளக்கு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஆன், ஆஃப் இரண்டும் சில விநாடி எரிந்து, அப்புறம் உண்மையான நிலையைக் காட்டுவது மட்டும் நிற்கும். என்னிடம் சர்வீஸுக்கு வரும் ஒருவர், சனிக்கிழமை அவர் அப்பா முன்னால் உட்கார்ந்ததால் ஆனுக்குத் திருகியிருக்கிறார். ஞாயிறு காலை அதே சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டி, ஸ்டார்ட் செய்தவுடன் மஞ்சளைப் பார்த்து, சரி என்று ரிவர்ஸ் எடுத்துவிட்டார். அவர் பார்த்தது சோதனை வெளிச்சம். நாள் முழுக்கப் பை உயிரோடு இருந்திருக்கிறது. மறுநாள் என் பட்டறையில் அந்தக் குழந்தை இருக்கை மாட்டியபடியே இருந்தது, ஆன் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் ஆஃப் விளக்கு போய்விட்டது. அப்படித்தான் தெரிந்தது.

அதனால் இப்படி எழுதுங்கள்: பெல்ட் போட்டு முடித்தபின், வண்டி நகரும் முன், விளக்கு விடாமல் எரிகிறதா என்று பார்க்கவும். குழந்தை இருக்கையைக் கழற்றிப் பெரியவர் உட்கார்ந்தால், வண்டியை அணைத்துவிட்டுச் சாவியைத் திரும்ப ஆனுக்குத் திருகவும். அப்புறம் போன் மாட்டும் ஸ்டாண்டை அந்த விளக்குக்கு முன்னால் ஒட்ட வேண்டாம் என்றும் ஒரு வரி. பாதிப்பேர் அங்கேதான் ஒட்டுகிறார்கள்.

நிர்மலா:

"வண்டியை அணைத்துவிட்டு" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி, புலவர் ஐயா பார்த்தாரா? சரி, செயலிழப்பை விட்டுவிடுகிறேன். "முடக்கம்"? கணக்கை முடக்கினார்கள் என்று செய்தியில் வருகிறதே. யாரோ வேண்டுமென்று செய்தது என்ற பொருள் தானாக வந்துவிடும். "காற்றுப்பை முடக்க விளக்கு".

புலவர்:

"காற்றுப்பை முடக்க விளக்கு" என்றால் காற்றுப்பையை முடக்குவதற்கு ஒரு விளக்கு என்றாகிறது. விளக்கைத் தட்டினால் பை முடங்கும் என்று ஒருவர் தட்டிக்கொண்டே இருப்பார். "முடங்கு விளக்கு" என்றால் பை முடங்கியிருக்கிறது என்பது நேராக வரும். காற்றணையை நான் கைவிடவில்லை என்பதும் பதிவாகட்டும்.

சிவா, ஸ்கார்பரோ:

முடங்கு எண்டால் எனக்கு ஆள் படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு. மற்றபடி மெத்தையை எடுத்தாச்சு. லைட் போயிட்டுது. அம்மாவுக்கு இப்ப ரோடு தெரியேல்லையாம்.

மலர்:

முடக்கத்துக்கு நான்கு பேர், முடங்குக்குப் புலவர் ஐயாவும் இன்னொருவரும், தனி மடலில் "ஆஃப் விளக்கு என்றே விடுங்கள்" என்று மூன்று பேர். "காற்றுப்பை முடக்க விளக்கு" என்று போட்டு, பக்கத்தில் விளக்கின் படத்தை வைத்துவிட்டேன். துரை அண்ணா சொன்ன "விடாமல் எரிகிறதா" அப்படியே போகிறது. பழுது விளக்கு "காற்றுப்பைப் பழுது விளக்கு". கோப்பை அனுப்பியாகிவிட்டது.

புலவர்:

மறுபதிப்பு எப்போது?