'ரிசல்ட்ஸ்-டிரிவன்' இருந்த இடத்தில் நான் என்ன எழுதினேன்

காலடிப்பேட்டை

ரெஸ்யூமின் தலையில் மூணு நாலு வரி சம்மரி எழுதுவோம் இல்லையா, அதில் எனக்கு நடந்தது. தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் 5 வருஷமா எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். "பேஷனேட், ரிசல்ட்ஸ்-டிரிவன் ப்ரொஃபெஷனல்" என்று போட்டு 30 இடத்துக்கு அனுப்பினேன். ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த மேடம் கேட்டது இதுதான்: "ரிசல்ட்ஸ்-டிரிவன்னு போட்டிருக்கீங்க. போன மாசம் என்ன ரிசல்ட்மா?" எனக்குப் பேச்சே வரவில்லை. வேலை செய்யாதவள் இல்லை நான். செய்ததை எண்ணிப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஆபீஸ் ஜாப் ரிஜிஸ்டரை எடுத்து உட்கார்ந்தேன். மாதம் சுமார் 110 ஷிப்பிங் பில். கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஃபைல் பண்ணும் ஏற்றுமதி அறிவிப்பு அது. அதில் 6 வரைக்கும் ஃபைல் பண்ணின பிறகு திருத்தத்துக்குப் போயிருக்கிறது. பாதிக்கு மேல் ஒரே காரணம்: இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் வேறு எடை. திருத்தம் என்றால் கஸ்டம்ஸ் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். அதற்குள் கன்டெய்னர் கட்-ஆஃப் தவறினால் கப்பல் போய்விடும். போன வருஷத்திலிருந்து நான் செக்லிஸ்ட் அடிக்கும் முன்பே இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எடை, பெட்டி எண்ணிக்கை, கன்டெய்னர் நம்பர் மூன்றையும் சிவப்புப் பேனாவில் டிக் பண்ணுகிறேன். இப்போது திருத்தம் மாதம் 2.

அதை அப்படியே எழுதினேன்: "5 வருட எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன். ஐஸ்கேட்டில் மாதம் சுமார் 110 ஷிப்பிங் பில். ஃபைல் செய்யும் முன் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்டை ஒப்பிடும் முறையால் திருத்தம் மாதம் 6இலிருந்து 2 ஆகக் குறைந்தது." இந்த வாட்டி 9 இடத்துக்கு அனுப்பினேன். மூன்று இடத்திலிருந்து போன் வந்தது. மூன்று பேருமே முதலில் கேட்டது அந்த ஒப்பிடும் முறை பற்றித்தான்.

வியாசர்பாடி

சரியாச் சொன்னீங்க அக்கா, நம்பர் இருந்தால்தான் பார்க்கிறார்கள். ஆனால் "6இலிருந்து 2" ரொம்பச் சின்னதாத் தெரியுது. "67 சதவீதம் குறைத்தேன்"னு போடுங்க. நான் எல்லா வரியிலும் சதவீதம் வைத்திருக்கிறேன்.

பெரம்பூர்

தம்பி, அங்கேதான் மாட்டிக்குவீங்க. மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுகளுக்கு 12 வருஷமா ஆள் எடுக்கிறேன். சதவீதத்தைப் பார்த்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "எதிலிருந்து எதுக்கு?" போன மாசம் ஒரு பையன் "டர்ன்-அரவுண்ட் 40 சதவீதம் குறைத்தேன்" என்று எழுதியிருந்தான். முன்னே எத்தனை மணி நேரம் என்று கேட்டேன், தெரியவில்லை. அதற்கப்புறம் அவன் சொன்ன உண்மையான விஷயத்தைக்கூட என் மனசு நம்ப மறுத்தது. பாவம், நல்ல பையன். 6, 2 என்று சொன்னால் கேட்கிறவருக்கு வேலையின் அளவு தெரிகிறது.

இன்னொன்று. "பேஷனேட்"டை எடுத்தால் ஜாப் போர்ட்டல் தேடலில் விழ மாட்டோமோ என்று பயப்படுகிறார்கள். நான் ஒரு நாளும் அந்த வார்த்தையைப் போட்டுத் தேடினதில்லை. "ஷிப்பிங் பில்", "ஐஸ்கேட்", "எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன்" என்றுதான் தேடுவேன். அவை சம்மரியில் இருக்கட்டும். வாடிக்கையாளர் பெயர் மட்டும் வேண்டாம். "தோல் பொருள் ஏற்றுமதியாளர்" என்றால் போதும்.

காசிமேடு

என் பையன் ஐடிஐ டீசல் மெக்கானிக் முடித்திருக்கிறான். பயோடேட்டாவில் அப்பா பெயர், மதம் எல்லாம் போடணுமா? அவன் "ஹார்டு வொர்க்கிங்"னு மட்டும்தான் எழுதியிருக்கான். ஒரு வருஷமா வார்ஃபில் விசைப்படகு இன்ஜின் வேலைக்குப் போய்வருகிறான்.

பெரம்பூர்

அண்ணே, அதெல்லாம் வேண்டாம். நீங்க கடைசியாச் சொன்னதுதான் சம்மரி. எத்தனை சிலிண்டர் இன்ஜின், தனியா எதைக் கழற்றி மாட்டுவான், இன்ஜெக்டரா, வாட்டர் பம்பா? அவனையே கேட்டு எழுதுங்க. மேஸ்திரி கூட இருந்து செய்ததை "உதவியாக" என்றே எழுதட்டும்.

வியாசர்பாடி

சார், எனக்கு ஒரு சிக்கல். நான் கஸ்டமர் சப்போர்ட். எங்க ரிப்போர்ட் எல்லாம் டீம் லீடர்கிட்டதான் இருக்கு, என் தனி நம்பர் எனக்கே தெரியாது. அப்போ?

காலடிப்பேட்டை

ஒரு வாரம் உங்களுக்கு வரும் போன் கால்களை நோட்டில் குறிச்சுப் பாருங்க, "தினமும் சுமார்" என்று போடலாம். டீம் நம்பரைப் போட்டால் "8 பேர் குழுவில்" என்று சேர்த்துவிடுங்க. அதில் உங்க பங்கு எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. பெரம்பூர் அண்ணன் சொல்லட்டும்.