நண்பன் கல்யாணத்துக்கு எந்த நிற டை? அவசரம்

கதிர்27
வணக்கம். வருகிற ஞாயிறு என் நெருங்கிய நண்பனுக்குக் கல்யாணம். சூட் போட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டான். வெள்ளைச் சட்டை இருக்கிறது. டை மெரூனா, வெள்ளி நிறமா என்பதுதான் குழப்பம். இன்று சாயங்காலம் வாங்கப் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

மீனா_க
சூட் என்ன நிறம் என்று சொல்லவே இல்லையே? அது தெரியாமல் டைக்கு எப்படிப் பதில் சொல்வது?

சின்னத்தம்பி
வாழ்த்துகள் ப்ரோ! தந்த நிறத்தில் மூன்று துண்டு சூட் எடுத்துவிடுங்கள். எல்லார் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். என் கல்யாணத்துக்கு நான் அதுதான் போட்டேன்.

மீனா_க
@சின்னத்தம்பி அவர் மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளையின் நண்பர். எல்லார் கண்ணும் அவர் மேல் இருக்கக் கூடாது.

மூத்தவன்
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும் தம்பி. பகல் கல்யாணம் என்றால் நேவி ப்ளூ சூட், வெள்ளைச் சட்டை, மெரூன் டை. அடிப்படை தெரிந்தவர்கள் இதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள்.

நூல்கண்டு
தம்பி, நாலு விஷயம் சொல்லுங்கள். கல்யாணம் எத்தனை மணிக்கு? திறந்தவெளியா, கூரைக்குக் கீழேயா? உங்களிடம் இருக்கும் சூட் என்ன நிறம்? மாப்பிள்ளை என்ன போடுகிறார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். நெருங்கிய நண்பர் என்றால் படங்களில் பாதி நேரம் அவர் தோளை ஒட்டித்தான் நிற்பீர்கள்.

கதிர்27
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். காலை 11 மணி, புல்வெளியில், பந்தல் கிடையாது. அவன் நேவி ப்ளூ சூட், மெரூன் டை. என்னிடம் இருப்பது சார்கோல் கிரே. அது ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று வீட்டில் சொல்வதால் ஒரு நேவி வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

நூல்கண்டு
அப்படியானால் மெரூன் டையும் வேண்டாம், நேவி சூட்டும் வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். நேவி என்பது ஒரே நிறம் இல்லை. ஒரு துணியில் கொஞ்சம் ஊதா கலந்திருக்கும், இன்னொன்றில் கொஞ்சம் பச்சை, மற்றொன்று கிட்டத்தட்டக் கருப்பு. கடை விளக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று துவைத்து வெளுத்ததுபோல் ஆகிவிடும். முழுக்க ஒரே துணியாக இருந்தால் சேர்ந்து தைத்தது என்று புரியும். முழுக்க வேறாக இருந்தாலும் அழகு. ஒன்றுபோல் இருந்தும் ஒன்றாகாமல் நிற்பதுதான் கண்ணை உறுத்தும்.

இந்த மாதிரி நேரத்தில் நான் பார்க்கும் வழி, மாப்பிள்ளையின் சூட் நிறத்தை நண்பரின் டைக்குக் கொண்டுவருவது. அவர் நேவி சூட் என்றால் உங்களுக்கு நடுத்தர சாம்பல் சூட், நேவி டை. சேர்ந்து நிற்கும்போது இரண்டு பேரும் ஒரே பக்கத்து ஆள்கள் என்று தெரியும், யார் மாப்பிள்ளை என்பதிலும் சந்தேகம் வராது. டை அளவு சின்ன இடம் என்பதால் நேவியில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் உறுத்தாது.

மூத்தவன்
நேவி சூட் எல்லாருக்கும் எல்லா நேரத்துக்கும் பொருந்தும். இதை மாற்றிச் சொல்பவர்கள் துணியை அதிகமாகவும் ஆளைக் குறைவாகவும் பார்க்கிறார்கள்.

நூல்கண்டு
தனியாக நிற்கும் ஆளுக்கு நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. இவர் தனியாக நிற்கப் போவதில்லை.

பகல்வெளிச்சம்
நான் கல்யாணப் படம் எடுக்கிறவன். 11 மணி, பந்தல் இல்லாத புல்வெளி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. அந்த வெயிலில் கேமரா, இருட்டுக் கோட்டுக்கும் வெள்ளைச் சட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முகமும் சட்டையும் சரியாக வர வைத்தால் சார்கோல் கோட் கருப்புப் பாளமாகிவிடும், மடிப்பு, பொத்தான் எதுவும் தெரியாது. கோட்டைத் தெளிவாக்கினால் சட்டை வெறும் காகிதம்போல் வெளுத்துவிடும். அதனால் வெளிர் நீலச் சட்டை போடுங்கள். காலர் ஓரத் தையல்கூடப் படத்தில் தெரியும்.

இன்னொன்று, பொடிக் கட்டம், பொடிக் கோடு போட்ட சட்டை வேண்டாம். நெருக்கமான கோடுகள் படத்தில் அலை அலையாக நெளியும். அதைப் பிறகு சரிசெய்வது பெரிய வேலை. பளபளக்கும் ஸாட்டின் டையும் வேண்டாம், வெயில் பட்டால் முடிச்சுக்குக் கீழே வெள்ளைக் கீற்று விழும்.

ராகவன்_பி
கருப்பு சூட்டுக்கு என்ன குறை? நான் போன ஒரு பகல் கல்யாணத்தில் கருப்பில்தான் நின்றேன்.

மீனா_க
என் தம்பியும் கருப்பில் நின்றான். பகலில் பார்த்தால் முழங்கை, தோள் எல்லாம் தூசியும் நூலும். நிழலில் கருப்பாக இருந்த துணி வெயிலில் லேசாகச் செம்பழுப்பு அடித்தது. படத்தில் அவன் இருக்கும் இடம் ஒரு ஓட்டைபோல இருக்கிறது.

ராகவன்_பி
அது துணி மலிவாக இருந்ததால். நல்ல கம்பளியில் சாயம் அப்படி அடிக்காது.

மூத்தவன்
துணி எதுவானாலும் பகலில் கருப்பு கூடாது. இது கூடவா விவாதம்?

ராகவன்_பி
கூடாது என்றால் காரணம் சொல்லுங்கள் ஐயா. "கூடாது" என்பது காரணம் ஆகாது.

பகல்வெளிச்சம்
காரணம் மேலே எழுதியதுதான். நல்ல கம்பளியானாலும் கருப்பு வெளிச்சத்தை விழுங்கும். மாலையில் விளக்கடியில் அதுவே அழகாக இருக்கும்.

கதிர்27
கருப்பு என்னிடம் இல்லை, அதை விடுங்கள். சார்கோலைக் கைவிடத்தான் வேண்டுமா? புதிதாக வாங்க மனமில்லை. அண்ணனிடம் ஒரு சாம்பல் சூட் இருக்கிறது, ஆனால் அவன் என்னைவிடக் கொஞ்சம் உயரம்.

நூல்கண்டு
முதலில் சார்கோலைச் சோதித்துப் பாருங்கள். மதியம் ஜன்னலோரம் கோட்டைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு கருப்பு ஷூவை வைத்துப் போனில் படம் எடுங்கள். படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கோட்டும் ஷூவும் பிரித்துச் சொல்ல முடியாமல் கலந்துவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமை கருப்பு சூட்தான். தனியாகத் தெரிந்தால் அதையே போடலாம், டை மட்டும் சார்கோலில் அமுங்காத நீலமாக இருக்கட்டும்.

அண்ணன் சூட்டைப் போட்டுப் பார்க்கும்போது தோளைப் பாருங்கள். கை பொருத்திய தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். அது கீழே இறங்கி, கையின் மேல்பகுதியில் பள்ளம் விழுந்தால் விட்டுவிடுங்கள். தோளைப் பிரித்துத் தைப்பது கோட்டையே திரும்பத் தைப்பதுபோல, நாலு நாளில் ஆகாது. தோள் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சின்ன வேலை. பேன்ட் நீளம் ஒரு மணி நேரத்தில் முடியும். கை நீளத்தை, சட்டைக் கை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும் அளவுக்குச் சுருக்கலாம். ஆனால் கை ஓரத்துப் பொத்தான்களுக்கு நிஜமான துளை வெட்டியிருந்தால் கீழிருந்து சுருக்க முடியாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதிர்27
படம் எடுத்தேன். ஷூவும் கோட்டும் ஒன்றாகிவிட்டது. அண்ணன் கோட்டில் தோள் சரியாக இருக்கிறது, கைதான் விரல் மொளி வரை வருகிறது. பொத்தான் துளை நிஜம் இல்லை, மேலே தைத்த பொத்தான்தான்.

நூல்கண்டு
பிறகென்ன, இன்றே தையற்காரரிடம் கொடுங்கள். போகும்போது ஞாயிறு போடப்போகும் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு போங்கள், அதன் கையை வைத்துத்தான் அளவு எடுக்க முடியும்.

டை வாங்கும்போது மார்பு மடிப்பின் அகலத்தை ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். மடிப்பு எட்டு சென்டிமீட்டர் என்றால் டையும் அதை ஒட்டி இருக்கட்டும். ஐந்து சென்டிமீட்டர் டை அதில் நாடாபோல் தெரியும். துணி மங்கலான பட்டு, நெசவு கொஞ்சம் சொரசொரப்பாக. கடைக்கு வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்த பிறகு வாங்குங்கள், உள்ளே நேவியும் கருப்பும் ஒன்றுதான்.

சின்னத்தம்பி
பின்னல் டை நல்லா இருக்குமே ப்ரோ. என்னிடம் ஒன்று இருக்கிறது, அடி சதுரமாக இருக்கும்.

மீனா_க
மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பவருக்குப் பின்னல் டை கொஞ்சம் இலகுவாக இருக்காதா? விருந்தினருக்குச் சரி.

நூல்கண்டு
எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனால் புல்வெளிக் கல்யாணத்தில் அது தப்பென்றும் சொல்ல மாட்டேன். சட்டை விஷயத்தில்தான் பகல்வெளிச்சத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. வெளிர் நீலத்தில் வியர்வை பட்ட இடம் அடர் நீலமாக அப்படியே தெரியும். வெள்ளையில் அவ்வளவு காட்டாது. 11 மணிக்குத் திறந்தவெளியில் ஒரு தடவை கோட்டைக் கழற்றினால் போதும்.

பகல்வெளிச்சம்
கோட்டைக் கழற்றக் கூடாது, அவ்வளவுதான். உள்ளே பருத்தி பனியன் போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நாள் முழுக்க எடுக்கும் படங்களில் அரை மணி நேர வியர்வைக்காக முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிறத்தை விட்டுக்கொடுப்பதா?

நூல்கண்டு
படத்துக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே நாலு மணி நேரம் நிற்கப் போவது அவர். கூச்சத்தோடு கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றால் அதுவும் படத்தில் விழும். கோட் நடுத்தர சாம்பல் ஆகிவிட்டதால் வெள்ளைச் சட்டையோடு முன்பு சொன்ன அளவு மோதலும் இருக்காது.

மூத்தவன்
பாக்கெட் துணியை யாரும் பேசவில்லை. டையோடு பெட்டியில் வரும் அதே துணியை வைத்துவிடாதீர்கள், தம்பி. வெள்ளைப் பருத்தி, நேராக மடித்தது, ஒரு சென்டிமீட்டர் வெளியே.

மீனா_க
இது நல்ல யோசனை. சட்டை வெள்ளை என்றால் துணியும் அதே மாதிரி வெள்ளையாக இருக்கட்டும். சட்டை பளீர் வெள்ளையும் துணி தந்த நிறமுமாக இருந்தால் வெயிலில் துணி மஞ்சளேறியதுபோல் தெரியும்.

ராகவன்_பி
@பகல்வெளிச்சம் நிழலில் நின்றால் கருப்பு சரியாக வருமா? அதற்குப் பதில் வரவில்லை.

பகல்வெளிச்சம்
திறந்த நிழலில் பரவாயில்லை. ஆனால் மாலை மாற்றும்போது மாப்பிள்ளையும் நண்பரும் நிற்கும் இடத்தை நாம் தேர்வு செய்ய முடியாது.

கதிர்27
கை தைத்து வந்துவிட்டது. நேவி டை, சொரசொரப்பான பட்டு, ஏழரை சென்டிமீட்டர். வெளியே வந்து பார்த்துத்தான் வாங்கினேன், முதலில் எடுத்தது உண்மையில் கருப்பு. எனக்கு வியர்வை அதிகம் என்பதால் சட்டை வெள்ளையே. நண்பனின் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

பகல்வெளிச்சம்
அந்த நீலச் சட்டையை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள் கதிர். காலை மேகமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.