இங்கே திங்கள் காலை, மேனேஜருக்கு ஞாயிறு மாலை

நிலாமுற்றம்:

போன நவம்பரில் எனக்கு நடந்தது இது. வெளிநாட்டு மேனேஜரிடம் வேலை பார்ப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

என் மேனேஜர் கலிபோர்னியாவில் இருக்கிறார். குளிர்காலத்தில் இந்திய நேரத்துக்கு அவர் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். திங்கட்கிழமையே இடம் இருக்கிறது, காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள் என்றார்கள். அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கல், தள்ளிப்போட மனசில்லை. உடனே 11 மணிக்கு போர்ட்டலில் திங்களுக்கு லீவு போட்டேன். அங்கே அப்போது வெள்ளி இரவு ஒன்பதரை. அவர் அந்த வாரத்து வேலையை முடித்து எழுந்து போய் நான்கு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

சனி முழுக்க 'பெண்டிங்'. ஞாயிறும் 'பெண்டிங்'. திங்கள் காலை அம்மாவின் கண்ணில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நர்ஸ் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் அந்த மஞ்சள் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு அப்போது ஞாயிறு மாலை. நான் கேட்ட நாள் அவர் ஊரில் இன்னும் பிறக்கவே இல்லை.

அவருடைய திங்கள் காலை ஒன்பது மணி, எனக்குத் திங்கள் இரவு பத்தரை. பத்து நாற்பதுக்கு அப்ரூவல் வந்தது, கூடவே "அம்மா நலமா?" என்று ஒரு வரியும். அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைத் திறந்தால் 'எல்ஓபி: 1' என்று இருந்தது, அதாவது ஒரு நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். எங்கள் அட்டெண்டன்ஸ் கட்-ஆஃப் 24ஆம் தேதி மாலை 6 மணி. அந்தத் திங்கள்தான் 24. அப்ரூவல் நான்கு மணி நாற்பது நிமிஷம் தாமதம்.

நான் விண்ணப்பித்தது சனிக்கிழமை. கணக்கில் எடுக்க வேண்டியது விண்ணப்பித்த நேரமா, அப்ரூவ் ஆன நேரமா?

கடலோரம்:

விண்ணப்பித்த நேரம்தான் சகோதரி. 48 மணி நேரத்தில் பதில் வரவில்லை என்றால் லீவு தானாகவே அப்ரூவ் ஆகிவிடும், அதுதான் விதி. எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. எச்ஆரிடம் உரிமையோடு கேளுங்கள்.

சம்பளப்பட்டியல்:

கடலோரம் சொல்வது அவர் கம்பெனியில் உண்மையாக இருக்கும். அது சட்டமோ பொது விதியோ இல்லை, அந்த மென்பொருளில் யாரோ ஒருவர் வைத்த செட்டிங். நான் பதினான்கு வருஷமாகப் பேரோலில் இருக்கிறேன். ஒரு இடத்தில் பதில் இல்லாவிட்டால் தானாக அப்ரூவ் ஆகும். இன்னொரு இடத்தில் மேனேஜருக்கு மேலே இருப்பவருக்குப் போகும். நான் இப்போது இருக்கும் இடத்தில் மாதக் கடைசி வரை அப்படியே கிடந்து, பிறகு தானாக நிராகரிக்கப்படும். தானாக அப்ரூவ் ஆகும் என்று நம்பி உட்கார்ந்த ஒரு பையனுக்கு மூன்று நாள் சம்பளம் போனது, என் கையால்தான் பிடித்தேன். அதனால் உங்கள் போர்ட்டலில் எது என்று ஒருமுறை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிலாமுற்றம், உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்-ஆஃப் நேரத்தில் பேரோல் மென்பொருள் ஒன்றைத்தான் பார்க்கும். அன்றைக்கு வருகைப் பதிவு இருக்கிறதா, இல்லையென்றால் அப்ரூவ் ஆன லீவு இருக்கிறதா? 'பெண்டிங்' அதன் கண்ணுக்குத் தெரியாது. வராத நாள், லீவும் இல்லை, எனவே எல்ஓபி. யாரும் உங்களைத் தண்டிக்கவில்லை. நீங்கள் விண்ணப்பித்த நேரம் பதிவில் இருக்கும், ஆனால் அதை ஒரு மனிதர் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அந்த மனிதரைப் பார்க்க வைப்பதுதான் வழி. கட்-ஆஃபுக்கு முன்னால், அன்று மதியமாவது, பேரோலுக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாம்: "24ஆம் தேதிக்கு லீவு 22ஆம் தேதி காலை 11 மணிக்குப் போட்டிருக்கிறேன், மேனேஜர் அமெரிக்க நேரத்தில் இருப்பதால் இன்றிரவுதான் அப்ரூவ் ஆகும், அதுவரை நிறுத்தி வைக்க முடியுமா?" இப்படி மாதத்துக்கு ஐந்தாறு மெயில் எனக்கு வரும். அந்த வரிகளைக் கையால் ஒதுக்கி வைத்துவிட்டு மறுநாள் காலை பார்ப்பேன். எல்லா இடத்திலும் செய்வார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் மெயில் இல்லாமல் யாரும் செய்ய மாட்டார்கள்.

பிடித்தது பிடித்ததுதான் என்றும் நினைக்காதீர்கள். அப்ரூவல் இருப்பதால் அடுத்த மாதம் நிலுவையாகத் திரும்ப வர வேண்டும். தானாக வரும் என்று காத்திருக்காமல் ரெகுலரைசேஷன் கோரிக்கை போடுங்கள், அப்ரூவல் வந்த நேரம் தெரியும் திரைப் படத்தையும் சேர்த்து.

பயணி77:

எனக்கும் இதே பிரச்சினை. தம்பியைப் பார்க்க மூன்று வாரம் வெளிநாடு போக லீவு கேட்டேன். விசா வந்தபிறகு கேட்கலாம் என்று இருந்தேன். விசா வந்தபோது மேனேஜர், இவ்வளவு குறுகிய அவகாசத்தில் முடியாது என்றுவிட்டார். முதலில் விசாவா, முதலில் லீவா?

நிலாமுற்றம்:

பயணி77, வெளிநாட்டில் இருப்பது நானில்லை, என் மேனேஜர். இருந்தாலும் உங்கள் வருத்தம் புரிகிறது. தேதி உத்தேசமாக இருந்தாலும் முதலில் அவர் காதில் போட்டு வைப்பதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

எட்டாம்மாடி:

நான் அந்தப் பக்கத்து ஆள். கலிபோர்னியாவில் இருந்துகொண்டு இந்தியாவில் உள்ள ஒன்பது பேருக்கு அப்ரூவல் போடுபவன். நாளைத் தப்பாகப் புரிந்துகொண்டு அப்ரூவ் செய்துவிட்டோமே என்று நான் உண்மையிலேயே வருந்திய சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன்.

என் குழுவில் ஒரு பெண், செவ்வாய் காலை எட்டு மணிக்கு, "நாளை எனக்கு லீவு வேண்டும்" என்று சாட்டில் எழுதினார். அவருக்கு நாளை என்றால் புதன். எனக்கு அப்போது திங்கள் மாலை ஆறரை, அதனால் நாளை என்றால் செவ்வாய். சரி என்று போட்டுவிட்டு, அவருடைய செவ்வாய் வேலையை இன்னொருவருக்கு மாற்றினேன். செவ்வாய் முழுக்க இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்தார்கள். புதனன்று யாருமே செய்யவில்லை, கிளையண்ட் மீட்டிங்கில் அவரைத் தேடினேன். அன்று அவர் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். நான் நடுவில் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்டது இன்னும் மனதை உறுத்துகிறது.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் 'இன்று', 'நாளை' என்ற சொற்களே கிடையாது. தேதி, கிழமை, இந்திய நேரம் மூன்றையும் எழுத வேண்டும். காலண்டரில் முழுநாள் அழைப்பு அனுப்புவதையும் நிறுத்தச் சொன்னேன். அவுட்லுக்கில் உங்கள் திங்கட்கிழமை முழுநாள் என்பது எனக்கு ஞாயிறு காலை பத்தரை முதல் திங்கள் காலை பத்தரை வரை இரண்டு நாளில் நீண்டு கிடக்கும். எந்த நாள் என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை லீவு வேண்டும் என்றால் எனக்கு அது வெள்ளி மாலை ஐந்துக்குள் வர வேண்டும். உங்களுக்கு அது சனி காலை ஆறரை. நிலாமுற்றம் 11 மணிக்குப் போட்டிருக்கிறார், நான்கரை மணி நேரத்தில் தப்பிவிட்டது. மார்ச் இரண்டாம் ஞாயிறு இங்கே கடிகாரத்தை முன்னால் நகர்த்துவோம், வித்தியாசம் பன்னிரண்டரையாகும். அப்போது அந்த எல்லை உங்களுக்குக் காலை ஐந்தரை.

ஆனால் ஆபரேஷன் மாதிரி விஷயத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பார்க்கவே கூடாது. போர்ட்டலில் போடுங்கள், எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், குழுவில் ஒருவரிடம் வேலையை ஒப்படையுங்கள், போங்கள். போர்ட்டலிலிருந்து வரும் மெயில் எல்லாம் எனக்குத் தனி ஃபோல்டரில் விழுகிறது, திங்கள் மதியம்தான் திறப்பேன். சாட் மெசேஜ் மட்டும்தான் ஞாயிற்றுக்கிழமையிலும் கண்ணில் படும்.

கடலோரம்:

48 மணி நேரம் எங்கள் இடத்து செட்டிங் என்று இன்றுதான் தெரிந்தது, நன்றி. அப்படியானால் மெயிலிலேயே "ஞாயிறு இரவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாக எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டால் போதாதா?

சம்பளப்பட்டியல்:

வேண்டாம் தம்பி. அந்த வரி கணக்கில் எதையும் மாற்றாது, மேனேஜரை மட்டும் உறுத்தும்.

எட்டாம்மாடி:

எனக்கு உறுத்தாது. "நான் போகிறேன், தெரியப்படுத்துகிறேன்" என்று தெளிவாக எழுதுபவரைத்தான் விரும்புவேன். ஆனால் என் மேனேஜருக்கு உறுத்தும், அதுவும் உண்மை. ஆளைப் பொறுத்தது.

பாலைக்காற்று:

என் மேனேஜர் ரியாத்தில். வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான், அதனால் கவலையே இல்லை என்று நினைத்துத்தான் நான் மாட்டினேன். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் இரவு அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியது, எட்டு மணிக்கு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். அவர் அரை மணி முன்னால், அவருடைய ஐந்து மணிக்கு, வாரத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்ரூவல் ஞாயிறு காலைதான் வந்தது. மணி வித்தியாசத்தை எல்லோரும் பார்க்கிறோம், அவருக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று பார்ப்பதில்லை. இப்போது வெள்ளிக்கு ஏதாவது வரும்போல் தெரிந்தால் புதன் மதியமே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறேன். திங்கள் லீவு என்றால் எனக்குப் பயமே இல்லை, அவர் ஞாயிறன்று வேலையில் இருப்பார்.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. ரெகுலரைசேஷன் போட்டேன், டிசம்பர் சம்பளத்தில் அந்த ஒரு நாள் வந்துவிட்டது. அம்மா இப்போது கண்ணாடி இல்லாமல் கடிகாரம் பார்க்கிறார்.

மேனேஜரிடமும் பேசினேன். போர்ட்டலில் தனக்குப் பதில் இன்னொருவர் அப்ரூவ் செய்ய டெலிகேட் என்று ஒரு வசதி இருக்கிறது, தான் சுற்றுலா போகும்போது மட்டும்தான் அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். இனி வாரக் கடைசி முழுவதும், இந்திய நேரம் சனி காலை முதல் திங்கள் இரவு வரை, எங்கள் டீம் லீடின் பெயரைப் போட்டு வைப்பதாக ஒப்புக்கொண்டார்.

இதில்தான் புதிதாக ஒரு சிக்கல். லீட் என்னைவிட இரண்டு வருஷம்தான் மூத்தவர். போன சனிக்கிழமை ஒரு தோழி லீவு கேட்டபோது, "நான் போட்டுவிட்டு நாளைக்கு அவர் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்" என்று கையை வைக்கவே இல்லை. திங்கள் இரவு பழையபடி மேனேஜரேதான் போட்டார். டெலிகேட்டாக இருந்து பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால், ஆரம்பத்தில் அந்தத் தயக்கத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று சொல்ல முடியுமா? அவரிடம் காட்டலாம் என்று கேட்கிறேன்.