வகுப்பு ஆசிரியைக்கு ஒரு கடிதம்: திருத்திக் கொடுங்களேன்

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குத் தலையில் படர்தாமரை. உச்சியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு முடி ஒடிந்து, கரும்புள்ளிகளாக நிற்கிறது. பூஞ்சை முடிவேருக்குள் இருப்பதால் களிம்பு மட்டும் போதாதாம். கிரிசியோஃபல்வின் மாத்திரை, 8 வாரம். வாரம் இருமுறை கீட்டோகோனசோல் ஷாம்பு. பையன்கள் கேலி செய்வதால் தொப்பி இல்லாமல் போக மாட்டேன் என்கிறான். பள்ளியிலோ தொப்பிக்கு அனுமதி இல்லை.

இப்படி எழுதியிருக்கிறேன்:

"மதிப்பிற்குரிய மிஸ், என் மகன் தலையில் பூஞ்சைத் தொற்றுக்குச் சிகிச்சை எடுக்கிறான். மருந்து தொடங்கிவிட்டதால் பள்ளிக்கு வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சீட்டை இணைத்துள்ளேன். முடி வளரும்வரை பருத்தித் தொப்பி அணிய அனுமதியுங்கள். அதை மற்ற பிள்ளைகள் வாங்கிப் போட வேண்டாம், சீப்பும் பகிர வேண்டாம். வகுப்பில் யாரும் தொப்பியைக் கழற்றச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

'தொற்று' என்று படித்ததும் அவனைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயம். ஆனால் மறைத்தால் தொப்பி கைமாறும், இன்னொரு பிள்ளைக்கும் ஒட்டும். அந்த வரியை எப்படி மாற்றலாம்? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.